பெண்கள் பெயர் மட்டும் போட்ட பத்திரிகை

என் மகளுக்குப் பதினாறு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, அவளை என் தம்பிக்குக் கட்டிக் கொடுக்க நாள் குறித்தோம். தம்பிக்கு இருபத்தெட்டு. நாள் குறிக்கச் சொன்னது நான்தான். அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்ததும் நான்தான். இது வெளியில் பலருக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் அண்ணாமலை நகரில் குடியிருந்தோம். பையன்கள் தங்கிப் படிக்கும் ஒரு லாட்ஜில் எனக்குச் சமையல் வேலை. வீட்டுக்காரர் வாடகைக்கு வேன் ஓட்டினார். சொந்த ஊர் புவனகிரிப் பக்கம். தம்பிக்குக் கடலூர்ப் பக்கம் குடிகாட்டில், கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மகள் பத்தாவது முடித்துப் பதினொன்று சேர்ந்திருந்தாள்.

அவள் பெரியவளானபோது தாய்மாமன் முறைக்கு என் தம்பிதான் குடிசைக்குப் பச்சை ஓலை கட்டினான். சீர் எடுத்து வந்தான். பந்தலில் எல்லோர் முன்பும் நான் சிரித்துக்கொண்டே, "உன் பொருள்டா, நீயே எடுத்துக்க" என்றேன். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் சொன்னதுதான்.

பிறகு அவன் ஜாதகம் பார்த்தார்கள். ஆனிக்குள் முடிக்கவில்லை என்றால் மூன்று வருடம் தள்ளிப்போகும் என்றார் ஜோசியர். அதனால் வைகாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை என்று ஆனது.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதினாலு. அதனால் பதினாறு எனக்குச் சின்ன வயதாகத் தோன்றவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

சட்டம் ஞாபகப்படுத்தியவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் அவரை மாமா என்பேன். சிதம்பரத்தில் கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் காகிதங்களை இருபது வருடமாகப் படி எடுத்து, வக்கீல்களைவிடத் தனக்கு ஜாஸ்தி தெரியும் என்று நம்பினார். பெண்ணுக்குப் பதினெட்டு, பையனுக்கு இருபத்தொன்று என்று எல்லாம் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். வேறு யாரோ குடும்பத்துக் கேஸ். அவர் கடையில் படி எடுத்தபோது தனக்கு ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டது.

"பாரு தம்பி. பொண்ணோட அப்பன், மாப்ள, மந்திரம் சொன்ன ஐயரு. மூணு பேரையும் புடிச்சி உள்ள போட்டாங்க. ஜாமீன்ல வுடாத கேசு. பதினஞ்சு நாளு களி தின்னுட்டுத்தான் வந்தானுவ. ஆனா பொண்ணோட அம்மா? அன்னிக்கே வூட்டுக்கு வந்துடுச்சி."

"ஏன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சட்டத்துலயே எழுதியிருக்கான்டா. பொம்பளைக்கி ஜெயில் தண்டன கெடையாது. அதனால நம்ம கல்யாணத்த பொம்பளைங்க பேர்லயே வச்சுக்குவோம். ஆம்பள ஒருத்தன் பேரும் எங்கயும் இருக்கக் கூடாது. எவன் வந்து கேட்டாலும் பொம்பளைங்க செஞ்சாங்க, எங்களுக்குத் தெரியாதுன்னுடலாம்."

அப்படியே செய்தோம். மண்டபத்துக்கு என் கையெழுத்து. ஐயர் வயசு சர்டிபிகேட் கேட்டார் என்பதால் ஐயர் வேண்டாம் என்று விட்டார்கள். என் பெரிய நாத்தனார் தாலியை எடுத்துக் கொடுப்பது என்று முடிவானது. பத்திரிகையில் என் பெயர், நாத்தனார் பெயர், ஓரகத்தி பெயர். கீழே சித்தி, அத்தை பெயர்கள். பிரஸ்காரர் படித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏம்மா, வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா? எல்லாம் தவறிட்டாங்களா?"

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம் பொண்ணு கல்யாணத்துல என்னைச் சாவடிச்சிட்டீங்களேடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. பத்திரிகையை வாங்கித் தன் பெயரை மட்டும் படித்தாள். மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். கல்யாணம் என்று சொன்ன நாளிலிருந்து அவள் என்னிடம் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குப் பயம் வந்தது மகளை நினைத்து இல்லை. அந்தக் காகிதத்தை நினைத்துத்தான். பொம்பளைக்கு ஜெயில் இல்லை, சரி. என் பெயர் போட்டதால் என் வீட்டுக்காரருக்கும் இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது? மாமாவிடம் கேட்டேன். "ஒனக்குப் புரியாதும்மா" என்றார். எனக்குப் புரியாததுதான். ஐந்தாவதுவரை படித்தவள். ஆனால் அந்தக் காகிதத்தில் அப்பன் உள்ளே போயிருந்தான், மாப்பிள்ளை உள்ளே போயிருந்தான். என் வீட்டில் அப்பன் என் புருஷன். மாப்பிள்ளை என் தம்பி. இரண்டு பேரும் கேப்பர் மலை ஜெயிலுக்குப் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை, குடிகாட்டில் தம்பியின் கூட்டாளிகளுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். குடிகாட்டில் இறங்கவில்லை. பஸ்ஸுக்குள் கம்பெனி மருந்து நாற்றம் அடித்தபோது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன். கலெக்டர் ஆபீஸில் சமூக நலத்துறை எங்கே என்று மூன்று பேரைக் கேட்டேன். பொம்பளைகள் விஷயம் அங்கேதான் என்று லாட்ஜில் ஒரு பையன் சொல்லியிருந்தான்.

அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். என்னைவிட வயது குறைவு. ஃபைல் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா" என்றார்.

"தெரிஞ்சவுங்க வூட்ல ஒரு கல்யாணம். பொண்ணுக்குப் பதினாறு. எல்லாம் பொம்பளைங்க பேர்ல செய்றாங்க. அப்பனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?"

அவர் ஃபைலை மூடினார்.

"பேரு யாரு போட்டா என்னம்மா? பொண்ணு மைனரு. அப்பா அம்மா தடுக்கலன்னாலே அது அவங்க தப்புன்னுதான் சட்டம் எடுத்துக்கும். இல்லன்னு அவங்கதான் நிரூபிக்கணும். அப்பாவுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ரெண்டும் சேர்ந்தும் போடலாம். கட்டுன மாப்பிள்ளைக்கும் அதேதான். நடத்தி வச்சவங்களுக்கும் அதேதான். தெரிஞ்சே போய் உக்காந்து சாப்ட்டு வந்தவங்களயும் சேக்கலாம்."

"பொம்பளைங்களுக்கு?"

"ஜெயில் தண்டனை இல்ல. அபராதம் உண்டு. கேஸ் உண்டு. கோர்ட்டுக்கு வரணும். யாரு சொன்னா உங்களுக்கு, ஒண்ணுமே கெடையாதுன்னு?"

பையில் பத்திரிகைக் கட்டு இருந்தது. பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"வூட்டு ஆளு யாரும் புகார் குடுக்கலன்னா கேசே இல்லன்னு சொல்றாங்களே மேடம்."

"யாரு வேணா குடுக்கலாம். பக்கத்து வீடு, டீச்சர், தெருவுல போறவங்க. போலீஸ் தானாவும் எடுக்கலாம். சொன்னவங்க பேர நாங்க வெளிய சொல்ல மாட்டோம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"தாலி கட்றதுக்கு முன்னாடி நின்னுட்டா?"

"அப்ப யாருக்கும் ஜெயில் இல்லம்மா. மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட தடை வாங்கிடலாம். கட்டிட்டா அப்புறம் என் கையில இல்ல." என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உங்க பொண்ணா?"

தலையாட்டினேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் சொல்லச் சொல்ல அங்கிருந்த கிளார்க் பெண் எழுதினாள். படித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். ஒரு பத்திரிகையையும் எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"கோர்ட்டுல என் பேர்லதான் மனு போடுவேன். உங்க பேரு புகார் குடுத்தவங்கன்னு வராது. ஆனா யாருக்கெல்லாம் தடைன்னு எழுதறதுல உங்க பேருதான் மொதல்ல இருக்கும். பயப்படாதீங்க."

பயப்படாமல் எப்படி இருப்பது? திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது விரல் நிமிரவில்லை. வீட்டில், "வச்சிட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "வச்சிட்டேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பகலில் பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி விசாரித்திருக்கிறார்கள். சிதம்பரம் கோர்ட்டில் மனு போட்டு, நாள் நெருங்கிவிட்டதால் எங்களைக் கூப்பிடாமலே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். சாயங்காலம் அந்த அதிகாரியும் மகளிர் காவல் நிலையத்துப் போலீஸ் அம்மா ஒருவரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். வீட்டில் எல்லோரும் இருந்தோம். தம்பியும் வந்திருந்தான்.

அதிகாரி என்னைப் பார்த்தார், தெரியாதவளைப் பார்ப்பது மாதிரி. பெயர் கேட்டார். சொன்னேன். காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்காரருக்கு ஒன்று. தம்பிக்கு ஒன்று. நாத்தனாருக்கு ஒன்று. பிறகு மகளை உள் அறைக்குக் கூட்டிப்போய்த் தனியாகப் பேசினார். கால் மணி நேரம். என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள்.

அவர்கள் போனதும் மாமா காகிதத்தைப் பிடுங்கிப் படித்தார்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்."

யார் என்று தேட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்றார் நாத்தனார், அவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று. டீச்சர் என்றான் தம்பி. மாமா எழுந்து நின்றார்.

"பிரஸ்காரன்தான்டா. அன்னிக்கே ஆம்பளைங்க இல்லியான்னு துருவுனான்ல?"

மாமாவும் தம்பியும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அடுப்படியில் நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாசல்வரை வந்தேன். வண்டி போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டபடி, "கன்னத்துல ஒண்ணு வச்சேன். காலண்டர்ல சாமி படத்து மேல சத்தியம் பண்றான் திருட்டுப்பய" என்றார்.

அந்த மனிதர் என்ன பாவம் செய்தார். அன்று நான் சோறு சாப்பிடவில்லை. விரதம் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை ஆனதால் நம்பினார்கள்.

புதன்கிழமை காலையில் மாமா புதுத் திட்டத்தோடு வந்தார். பாண்டிச்சேரி.

"பாண்டி வேற ஸ்டேட்டு தம்பி. இந்த ஆர்டரு செக்போஸ்ட்டோட சரி. அதுமட்டும் இல்ல, அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கு, பாண்டிக்காரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு. நானே படிச்சேன். நாளைக்கி அங்க கோயில்ல கட்டிட்டு வந்துடுவோம். ஒன் வேன்லயே போவலாம். ஒரு பய கண்டுக்க மாட்டான்."

"நெசமாவா?" என்றார் வீட்டுக்காரர்.

"வேற எதுக்குடா நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் பாண்டிக்கி ஓட்றான்?"

தம்பி சிரித்தான். "அது வேற விசயத்துக்கு மாமா."

"இதுவும் விசயந்தான்டா மாப்ள."

லாட்ஜுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். அங்கே சுவரில் ஒரு ரூபாய் போன் பெட்டி இருந்தது. அதிகாரி கொடுத்த நம்பருக்குப் போட்டேன். காசு விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அடடா" என்றார் அவர். "அது பாண்டிச்சேரிக்காரங்க எல்லாருக்கும் இல்லம்மா. பிரெஞ்சுக்காரன் காலத்துல நம்ம சொந்த வழக்கம் வேணாம், பிரெஞ்சுச் சட்டமே போதும்னு எழுதிக் குடுத்தவங்க இருக்காங்க. அவங்க பரம்பரைக்குத்தான் விலக்கு. நீங்க புவனகிரிக்காரங்க. சட்டம் எந்த ஊருக்குப் போனாலும் உங்க கூடவே வரும். தடையும் அந்த ஊரு மண்டபத்துக்கு இல்ல, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு. மீறிக் கட்டுனா அந்தக் கல்யாணமே செல்லாது. தடைய மீறுனதுக்கும் தனியா ரெண்டு வருஷம் வரைக்கும் போடலாம். கேக்குதா?"

இன்னொரு காசு போட்டேன். "கேக்குது."

"நான் உங்க பக்கத்து ஸ்டேஷன்ல சொல்லிடுறேன். ஆனா நீங்க வீட்டுல பேசித்தான் ஆவணும். போலீஸ் வந்து நிக்கறதுக்குள்ள வேன் போயிட்டா நான் என்ன செய்ய?"

சாயங்காலம் வேனைக் கழுவி நிறுத்தியிருந்தார் வீட்டுக்காரர். கூரைப் புடவை, தாலி, மாலை சொல்லியிருந்த ரசீது எல்லாம் ஒரு பையில். மகள் அறையில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் அவள் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்திருந்தது.

நான் போய் வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன்.

"எதுக்குடி சாவி?" என்றார் வீட்டுக்காரர்.

"பாண்டிக்கிப் போனாலும் செல்லாது. ஆபீசுல கேட்டேன்."

"எந்த ஆபீசுல?"

"கடலூர்ல. திங்கக்கெழம. நாந்தான் எழுதிக் குடுத்தேன். பிரஸ்காரரு இல்ல."

நாத்தனார் கையில் மருதாணிக் கிண்ணத்தோடு அறை வாசலுக்கு வந்து நின்றார்.

மாமாதான் முதலில் பேசினார். "என்னாம்மா பேசற? ஒம் பேருலதான எல்லாம் இருக்கு. ஒன்னையே நீ காட்டிக் குடுப்பியா?"

"எனக்கு ஜெயில் இல்லன்னு நீங்கதான மாமா சொன்னீங்க."

வீட்டுக்காரர் என்னை அடித்தார். ஒரு அடி. அதற்குமுன் அவர் என்னை அடித்ததில்லை என்று சொல்ல மாட்டேன். சாவியை நான் விடவில்லை.

"நாளைக்கி நீங்க தாலி கட்டுனா நான் சாச்சி சொல்லுவேன். கோர்ட்டுல நின்னு சொல்லுவேன். யாரு ஓட்டுனா, யாரு கட்னா, யாரு எடுத்துக் குடுத்தான்னு எல்லாத்தயும். அப்புறம் நீங்க உள்ள இருப்பீங்க. அவனும் உள்ள இருப்பான். நான் மட்டும் வெளிய இருப்பேன். எனக்கு அது வேணாம்."

தம்பி எழுந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"ஏங்க்கா? நீதான குடுக்கறன்னு சொன்ன. பந்தல்ல வச்சி சொன்ன."

"சொன்னேன்."

"நான் கேட்டனா?"

"கேக்கல."

"அப்ப என்னைய என்னான்னு நெனச்ச நீ?"

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே போனான். பஸ் ஸ்டாண்டு அங்கிருந்து தூரம். யாரும் கூப்பிடவில்லை. மாமா அந்தப் படி எடுத்த காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பொம்பளைய நம்பி எறங்குனேன் பாரு" என்று போனார்.

மகள் எழுந்து வந்து தொட்டியில் கையைக் கழுவினாள். அதற்குள் பிடித்துவிட்டது. ஒரு கை மட்டும் சிவப்பாகப் பத்து நாள் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் போலீஸ் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். வேன் வாசலில் நின்றது. நான் அப்போது லாட்ஜில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டுக்கு நோட்டீஸ் வந்தது. எல்லோரும் போனோம். தம்பி தனியாக வந்து தனியாக நின்றான். நீதிபதி என் வீட்டுக்காரரிடம், "தடை வேணாம்னு சொல்ல ஏதாவது காரணம் இருக்கா?" என்று கேட்டார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்லைங்க ஐயா" என்றார். பெண்ணுக்குப் பதினெட்டு முடியும்வரை தடை நீடிக்கும் என்று சொன்னார்கள். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கல்யாணம் நடக்காததால் யார்மீதும் கேஸ் இல்லை. வெளியே வரும்போது மாமா கடையில் இருந்தார். எங்களைப் பார்த்து மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரஸ்காரரிடம் போனேன். கன்னத்தில் அடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "மிச்ச பத்திரிகைய எடுத்துட்டுப் போயிடும்மா, கடையில இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றார். எடுத்து வந்து லாட்ஜ் அடுப்பில் போட்டேன்.

வீட்டுக்காரர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. தேவையானதை மகளிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லுவாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தானாகக் கேட்டார். "கேப்பர் மலையில மெய்யாலுமே களிதான் போடுவானா?" எனக்குத் தெரியாது என்றேன். "ம்" என்றார். அன்றிலிருந்து பேசினார்.

தம்பி வரவே இல்லை. அம்மா திதிக்குக்கூட வரவில்லை. அவன் வராத ஒவ்வொரு மாதமும், எங்கேயாவது யாராவது அவனுக்கு இன்னொரு சின்னப் பெண்ணைக் கட்டி வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அப்படி நடந்தால் அதற்கும் காரணம் நான்தான் என்று தோன்றும்.

மூன்று வருடம் கழித்து, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், சிதம்பரத்தில் கீழ வீதியில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்தான். பக்கத்தில் ஒரு பெண். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கல்யாணம் ஆனது எனக்குத் தெரியாது. நான் அவனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தேன். குட்டையாக, ஒல்லியாக இருந்தாள். நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். கிட்டே வந்தான்.

"இருவத்திரெண்டு" என்றான். "சர்டிபிகேட் வாங்கிப் பாத்துட்டுத்தான் கட்னேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாங்கிய பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்தேன். தம்பி தடுக்கவில்லை.